ஒரு டிரிப் நோட்டீஸ், இரண்டு தமிழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் நோட்டீஸ், பேனர், ஆட்டோ அறிவிப்பு என்று கடைக்காரர்களுக்கு வாசகம் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தித் தருவதும் என் பிழைப்பு. சமீபத்தில் டிரிப், அதாவது சொட்டு நீர்ப் பாசனக் கடை ஒன்றின் நோட்டீஸைப் பார்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பற்றியே கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம்.

அந்த நோட்டீஸ்ல அப்படி என்னதான் இருந்தது?

அப்படியே தருகிறேன்:

> தருமபுரி மாவட்ட விவசாயப் பெருங்குடி மக்களுக்கு ஓர் நற்செய்தி!
> நுண்ணீர்ப் பாசனம் அமைத்திட விரும்பும் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் வழங்கப்படும்.
> அண்ணே, இன்னும் எத்தனை நாளைக்குத்தான் வாய்க்கா வெட்டிக்கிட்டே இருப்பீங்க? நம்ம கடைக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க!
> உரிய ஆவணங்களுடன் அணுகவும். முந்துபவர்களுக்கே முன்னுரிமை.
> குழாய் அடைச்சா நாங்க பாத்துக்கறோம், நீ கவலைப்படாதே!
> நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

கீழே கடை முகவரி, போன் நம்பர். 5000 நோட்டீஸ் அடித்து பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் கொடுத்திருக்கிறார்கள், சந்தை நாளில் ஆட்டோவிலும் இதையே படித்திருக்கிறார்கள்.

இதுல என்ன குழப்பம்? எல்லாம் தமிழ்தானே, படிச்சா புரியுதே?

ஒவ்வொரு வரியும் தனியாகப் புரிகிறது, சரி. இதைச் சொல்வது யார் என்பதுதான் புரியவில்லை. தமிழில் ஒரு வாக்கியத்தின் முடிவைக் கேட்டதுமே பேசுகிறவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும். ‘வழங்கப்படும்’ என்றால் தாலுகா ஆபீஸ். ‘வந்துட்டுப் போங்க’ என்றால் கடைக்காரர். ‘பெருங்குடி மக்களுக்கு’ என்றால் மேடை. ‘நீ கவலைப்படாதே’ என்றால் ஒன்று வீட்டுப் பெரியவர், இல்லை சினிமா ஹீரோ. ஆறு வரிக்குள் நாலு பேர் மாறி மாறி மைக்கைப் பிடுங்கினால் படிக்கிறவர் யாரை நம்புவார்?

கடைக்கு வந்தவர்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு கூட்டம் இரண்டாவது வரியோடு நின்றுவிட்டது. அரசு அறிவிப்பு என்றே நினைத்துக்கொண்டு வந்து, ‘ஆபீசர் எங்கேங்க, மனு யார்கிட்ட கொடுக்கணும்’ என்று கேட்டார்கள், கடை என்றதும் திரும்பிப் போனார்கள். இன்னொரு கூட்டம் ‘எல்லாமே இலவசம்னு போட்டிருக்கே’ என்று சண்டைக்கு நின்றது, அவர்களில் சிலருக்கு எட்டு, பத்து ஏக்கர் நிலம். மூன்றாவது கூட்டம் வரவேயில்லை. அரசாங்கத் தமிழும் கடைத் தமிழும் ஒரே தாளில் இருந்ததால் ஏதோ ஏமாற்று வேலை என்று மடித்துப் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் வீட்டுப் பக்கத்துக்காரரே அப்படித்தான் நினைத்தாராம். உண்மையில் கடையில் ஏமாற்று எதுவும் இல்லை, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் முகவர் அவர், மனு போடுவது முதல் குழாய் பதிப்பது வரை ஒழுங்காகச் செய்து தருகிறவர்.

மானியம் உண்மையிலேயே இருக்குதானே? அப்புறம் ‘வழங்கப்படும்’னு போட்டா என்ன தப்பு?

இருக்கிறது. தமிழ்நாட்டில் சொட்டு நீர் போட சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு, 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். ஆனால் அந்த 100 என்பது அரசு நிர்ணயித்திருக்கும் தொகைக்குத்தான், அதற்கு மேல் போகிற செலவு விவசாயியுடையது. சிறு, குறு விவசாயி என்பதற்குத் தாலுகா அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். கொடுப்பது அரசு, கடை அல்ல.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். ‘மானியம் வழங்கப்படும்.’ யாரால்? செயப்பாட்டு வினைக்கு இதுதான் வசதி, செய்கிறவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். அரசாணையில் அது பொருந்தும், தலைப்பிலேயே துறையின் பெயர் இருக்கிறது. கடை நோட்டீஸில் அந்த இடம் காலியாக இருக்கிறது, படிக்கிறவர் அதைத் தானே நிரப்பிக்கொள்கிறார். ஒருவர் அரசு என்று நிரப்புகிறார், இன்னொருவர் கடை என்று நிரப்புகிறார்.

‘அரசு மானியம் தருகிறது, மனு வேலையை நாங்கள் பார்த்துத் தருகிறோம்’ என்று எழுதினால் போதும். இரண்டு வினை, இரண்டுக்கும் ஆள் இருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன், கடைக்காரர் முதலில் நோட்டீஸின் தலையில் கோபுரச் சின்னத்தையும் போடச் சொல்லியிருக்கிறார். அச்சகத்துப் பையன் மறுத்துவிட்டான், நல்ல வேளை. அரசுச் சின்னங்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950-லிருந்தே சட்டப்படி தடை இருக்கிறது.

அப்போ முழுக்கப் பேச்சுத் தமிழ்லயே போட்டுட்டா பிரச்சினை தீர்ந்ததா? விவசாயிங்க பேசுற மாதிரி இருந்தாதானே புரியும்?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். காதுக்கு அது சரி. கண்ணுக்குச் சரியில்லை.

நாம் எல்லாருமே படிக்கக் கற்றது எழுத்துத் தமிழில். ஐந்தாம் வகுப்போடு நின்ற பெரியவரும் பாடப் புத்தகம், பஸ் போர்டு, பேப்பர் எல்லாவற்றையும் அந்தத் தமிழில்தான் படித்திருக்கிறார். ‘வெட்டிக்கொண்டே’ என்ற சொல்லின் உருவம் அவர் கண்ணுக்குப் பழக்கம், பார்த்ததும் தெரிந்துவிடும். ‘வெட்டிக்கிட்டே’ என்று அச்சில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, பிறகுதான் பிடிபடும். போனில் நாள் முழுக்க மெசேஜ் பார்க்கிற பையன்களுக்கு இது பழகிவிட்டது, அவர்களுடைய அப்பாக்களுக்குப் பழகவில்லை. நோட்டீஸ் அப்பாவுக்கு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி பக்கம் போனால் இன்னொன்றும் சேரும். அங்கே பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள், தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவர்களுக்கு ‘அடைத்துக்கொண்டால்’ எளிது, ‘அடைச்சிக்கினா’ என்று எழுதினால் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கும்.

எழுத்துத் தமிழ்ல போட்டா கவர்மெண்ட் நோட்டீஸ் மாதிரி விறைப்பா ஆயிடாதா?

விறைப்பு எழுத்துத் தமிழால் வருவதில்லை. ‘-ப்படும்’ என்ற முடிவு, ‘-வும்’ என்ற கட்டளை, யாரும் வாயால் சொல்லாத பெயர்ச்சொற்கள், இந்த மூன்றும்தான் தாளை ஆபீஸ் சுவரில் ஒட்டினது போல ஆக்குகின்றன. ‘உரிய ஆவணங்களுடன் அணுகவும்’ என்ற மூன்று சொல்லில் பின்னிரண்டும் இருக்கின்றன. இதையே ‘சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று, பேங்க் புத்தகம் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். இலக்கணம் எழுத்துத் தமிழ்தான், ஒரு இடத்திலும் கொச்சை இல்லை, ஆனாலும் ஆள் பேசுவது போல இருக்கிறது. கூடவே ஒரு லாபம், எந்தெந்தக் காகிதம் என்று கேட்க வருகிற ஒரு நடை மிச்சம்.

‘நுண்ணீர்ப் பாசனம்’ என்பதும் அப்படித்தான். அது துறையின் சொல், தெளிப்பு நீரையும் சேர்த்தது. நம் பக்கம் தோட்டத்தில் நின்று யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, ‘சொட்டு நீர்’ என்பார்கள், அதைவிட அதிகமாக ‘டிரிப்’ என்பார்கள். தக்காளிக்கு டிரிப் போட்டிருக்கிறேன் என்பதுதான் பேச்சு. கடைக்காரருக்கு ‘டிரிப்’ என்று அச்சில் போடக் கூச்சம், தமிழ் இல்லையே என்று. வாங்குகிறவர் எந்தச் சொல்லால் கேட்பாரோ அந்தச் சொல் தலைப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

டிவி விளம்பரமெல்லாம் பேச்சுத் தமிழ்லதான் வருது, அதெல்லாம் ஓடலையா?

அங்கே ஒரு முகம் பேசுகிறது. பாட்டி பேசினால் பாட்டித் தமிழ், கடைசியில் பின்னணிக் குரல் வந்தால் எழுத்துத் தமிழ், யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் ஆள் மாறினதைக் கண்ணால் பார்க்கிறோம். தாளில் அந்த முகம் இல்லை. பேச்சுத் தமிழ் வேண்டுமென்றால் பேசுகிற ஆளையும் கொடுங்கள், ஒரு படம் போட்டு அவர் வாயருகே ‘இனிமே வாய்க்கா வெட்டற வேலையே இல்லைங்க’ என்று ஒரு வரி. அது அவருடைய பேச்சு, மற்றதெல்லாம் கடையின் அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டால் கலப்பதில் தப்பே இல்லை.

‘அண்ணே’, ‘நீ’ எல்லாம் நெருக்கமாத்தானே இருக்கு?

‘நீ கவலைப்படாதே’யை முதலில் எடுங்கள். மேலே ‘இருப்பீங்க’, கீழே ‘நீ’. அறுபது வயதுக்காரர் கையில் போகிற தாள் இது. எழுதின பையனிடம் கேட்டேன், அது வசனம் மாதிரி வரட்டும் என்று போட்டானாம். வசனம் மாதிரித்தான் வந்திருக்கிறது, அவமரியாதையாகவும் வந்திருக்கிறது.

‘அண்ணே’ நெருக்கம்தான், ஆனால் மதுரைப் பக்கத்து நெருக்கம். நம் பக்கம் காதில் விழுவது ‘ணா’. ‘வாங்கணா, சொல்லுங்கணா’ என்போம். ‘அண்ணே’ என்று படித்ததும் ஊர் ஆள் இல்லை என்று ஒரு சின்ன நெருடல் வரும், சொல்லத் தெரியாது, ஆனால் வரும். அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பக்கம் எத்தனையோ தோட்டங்களைப் பார்த்துக்கொள்வது பெண்கள், பட்டாவும் சில இடங்களில் அவர்கள் பெயரில் இருக்கும். ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் அவர்கள் கையில் இருக்கிற தாள் வேறு யாருக்கோ எழுதினதாகிவிடும். அச்சில் முறை வைத்துக் கூப்பிடாமல் விடுவதே நல்லது. ‘வாருங்கள்’ போதும், அதிலேயே மரியாதை இருக்கிறது.

‘ஓர் நற்செய்தி’ பற்றியும் கேட்டார்கள். மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஒரு’ தான். அது சின்னப் பிழை. ஆனால் ‘நற்செய்தி’ என்று பெரிய எழுத்தில் பார்த்ததும் ஜெபக் கூட்ட நோட்டீஸ் என்று நினைத்து ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவர் மேல் தப்பில்லை.

ஒரு விளம்பரத்தைப் பார்த்துச் சொல்லணும்னா நீங்க எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?

வினைமுற்றிலிருந்து. இரண்டு நிறப் பேனா எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வட்டமிடுவேன், எழுத்து வழக்கு நீலம், பேச்சு வழக்கு சிவப்பு. இந்த நோட்டீஸில் நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு என்று மாறி மாறி வந்தது. மாறுவதே பிழை என்று நான் சொல்வதில்லை. மாறுகிற இடத்தில் ஆளும் மாறுகிறாரா, அல்லது பேசுகிற விஷயமாவது மாறுகிறதா என்று பார்ப்பேன். இங்கே இரண்டும் இல்லை, எழுதினவருக்கு எந்த வரி எங்கே ஞாபகம் வந்ததோ அப்படி இருக்கிறது. கேட்டபோது ஒத்துக்கொண்டார்கள், நீல வரிகள் பழைய அரசுத் துண்டறிக்கை ஒன்றைப் பார்த்து எழுதினவையாம், சிவப்பு வரிகளைக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொன்னார்களாம்.

அப்புறம் அந்தத் தாளைச் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் கொடுப்பேன். இந்த முறை ஒரு வயதான விவசாயி, டீக்கடை அக்கா, காலேஜ் படிக்கிற பெண். ‘நல்லாருக்கா’ என்று கேட்கவே கூடாது, எல்லாரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு முறை படிக்கவிட்டு, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இது யார் போட்டது, என்ன செய்யச் சொல்கிறது, கையிலிருந்து எவ்வளவு செலவாகும் என்று கேட்பேன். விவசாயி ‘கவர்மெண்ட்’ என்றார், செலவு ‘ஒண்ணுமில்ல’ என்றார். அக்கா ‘ஏதோ கட்சிக்காரங்க’ என்றார். அந்தப் பெண் மட்டும்தான் கடை என்று சொன்னாள், அதுவும் கீழே இருந்த முகவரியைப் பார்த்து. மூன்று பேருக்கு மூன்று பதில் வந்தால் வாசகத்தை ஒட்டுப்போட முடியாது, திரும்ப எழுதத்தான் வேண்டும்.

திருத்தி எழுதினதைக் காட்டுங்க.

> டிரிப் போடணுமா?
> 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர் அமைக்க அரசு முழு மானியம் தருகிறது. மற்றவர்களுக்கு 75 சதவீதம்.
> நாங்கள் தனியார் கடை. மனு போடுவது முதல் தோட்டத்தில் குழாய் பதிப்பது வரை நாங்கள் செய்து தருகிறோம்.
> அரசு நிர்ணயித்த தொகைக்கு மேல் ஆகும் செலவு உங்களுடையது. எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுப்போம்.
> சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று, பேங்க் புத்தகம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். வேறு எதுவும் தேவைப்பட்டால் சொல்கிறோம்.
> குழாய் அடைத்துக்கொண்டால் போன் செய்யுங்கள், வந்து சரிசெய்து தருகிறோம்.

தலைப்பு மட்டும் பேச்சு. அது படிக்கிறவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி, இரண்டே சொல், கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. கீழே முழுக்க ஒரே ஆள் பேசுகிறார். ‘முந்துபவர்களுக்கே முன்னுரிமை’யை எடுத்துவிட்டேன், வீட்டு மனை விற்பவர்கள் அதைத் தேய்த்துவிட்டார்கள், படித்தாலே சந்தேகம் வருகிறது. செலவு பற்றிய வரியைச் சேர்க்கக் கடைக்காரர் ரொம்பத் தயங்கினார், அதைப் படித்தால் வரமாட்டார்களே என்று. வந்து சண்டை போட்டுவிட்டுப் போவதற்கு வராமலிருப்பது மேல் என்றேன்.

அந்தச் செலவு விஷயத்தை ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ன்னு சின்ன எழுத்துல போட்டா போதாதா?

போதாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி வெளியிட்ட வழிகாட்டு விதிகளில், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்றும், சொன்ன முக்கியமான விஷயத்துக்கு எதிரான ஒன்றை அதில் ஒளித்து வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். 100 சதவீதம் என்று மேலே பெரிதாகப் போட்டுவிட்டு, நிர்ணயித்த தொகைக்கு மேல் ஆகும் செலவு விவசாயியுடையது என்பதை இரண்டு சொல்லில் கீழே புதைப்பது அந்த ஒளித்தலில்தான் சேரும்.

ஆட்டோவுல இதையே படிக்கலாமா?

கூடாது. அங்கேதான் பேச்சுத் தமிழ் முழுசாக வேண்டும். முதல் நோட்டீஸை ஆட்டோவில் அப்படியே படித்தபோது ‘வழங்கப்படும்’ மட்டும்தான் தூரத்தில் விழுந்தது, பஞ்சாயத்தில் ஏதோ கொடுக்கிறார்கள் என்று இரண்டு தெரு பேசிக்கொண்டதாம். ஆட்டோ ஒரு வீட்டைக் கடக்கிற பத்து நொடியில் ஒரு விஷயம்தான் காதில் நிற்கும். நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ‘டிரிப் போடணும்னு நினைச்சிட்டு இருக்கீங்களா? கவர்மெண்ட் மானியத்துக்கு மனு போடறதுலேருந்து குழாய் பதிக்கிற வரைக்கும் நாங்களே செஞ்சு தர்றோங்க. சிட்டா, அடங்கல் எடுத்துக்கிட்டு நம்ம கடைக்கு வாங்க.’ அப்புறம் கடை பெயர், இடம், திரும்ப முதலிலிருந்து. போன் நம்பர் வேண்டாம், ஓடுகிற ஆட்டோவைப் பார்த்து யாரும் எழுதிக்கொள்வதில்லை.

வாட்ஸ்அப்புக்கு?

தெரிந்தவர் நம்பரிலிருந்து போவதால் பேச்சுத் தமிழ் பரவாயில்லை. கடைக்காரர் குரலிலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இன்னும் நல்லது.

பேச்சுத் தமிழை எழுதும்போது எது சரியான ஸ்பெல்லிங்?

பொதுவாக ஒப்புக்கொண்ட ஒன்று கிடையாது, ‘கொடுக்கிறோம்’ என்பதையே குடுக்கறோம், குடுக்குறோம், கொடுக்கறோம், கொடுக்குறோம் என்று நாலு விதமாக எழுதுகிறார்கள். நான் வைத்திருக்கும் வழக்கம், எழுத்து வடிவத்துக்குக் கிட்டே இருப்பதை எடுத்துக்கொள்வது. ‘நெனச்சு’ வேண்டாம், ‘நினைச்சு’ போதும், வாய் தானாக மாற்றிக்கொள்ளும். ஒரு தாளுக்குள் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதாமல் இருந்தால் சரி. ஆனால் ‘போடனும்’ என்று றன்னகரம் போடாதீர்கள், வேண்டும் என்பதிலிருந்து வருவது, ‘போடணும்’ தான்.

பழைய நோட்டீஸ் இன்னும் ரெண்டாயிரம் மிச்சம் இருக்கு. தூக்கிப் போடணுமா?

கடைக்காரர் கேட்டதும் இதுதான். ரப்பர் ஸ்டாம்ப் அடித்துப் பார்த்தோம், பளபளப்பான தாள் என்பதால் மை காயாமல் கையெல்லாம் ஒட்டியது. கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஸ்டிக்கர் அடித்து, ‘வழங்கப்படும்’ இருந்த இரண்டாவது வரியின் மேல் ஒட்டச் சொன்னேன்: ‘மானியம் தருவது அரசு. மனுவும் வேலையும் பார்த்துத் தருவது எங்கள் கடை.’ ‘நீ கவலைப்படாதே’ மேல் ஒட்ட இன்னொரு ஸ்டிக்கர் அடிக்கக் காசு தரமாட்டேன் என்றுவிட்டார். கடைப் பையன் உட்கார்ந்து மார்க்கரால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருக்கிறான், எழுதினவன் அவன்தான்.